மருந்துச் சிட்டைப் புத்தகத்தை வடிவமைப்பது எப்படி: ஹட்டன் நகரச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கான முழுமையான வழிகாட்டி

மருந்துச் சிட்டை அச்சடிக்க வேண்டுமென்று அச்சகத்துக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் வைத்தியரின் பெயரை எவ்வளவு பெரிதாகப் போடுவது, எந்தச் சின்னத்தை எங்கே வைப்பது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையில் வடிவமைத்தால், தலைப்பும் அடிக்குறிப்பும் தமக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டபின் எஞ்சியிருப்பதே மருந்து எழுதும் இடமாகிவிடும். இந்த வழிகாட்டி அதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. முதலில் எழுதும் இடத்தை அளந்து ஒதுக்கிவிட்டு, மற்றப் பகுதிகளை மீதியுள்ள இடத்துக்குள் அடக்குவதே இங்கே சொல்லப்படும் முறை.

எடுத்துக்காட்டாக, ஹட்டன் நகரில் ஒரேயொரு வைத்தியர் நடத்தும் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றை வைத்துக்கொள்வோம். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நோயாளர்கள் அங்கே வருகிறார்கள். சாதாரண மருந்துகளை அந்த நிலையத்திலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே இல்லாத மருந்துகளுக்குத்தான் சிட்டை எழுதப்படுகிறது. அந்தச் சிட்டையை வெளியேயுள்ள பாமசியில் ஒருவர் வாசிப்பார். அவர் வைத்தியரின் கையெழுத்துக்குப் பழக்கப்படாதவராகவும், தமிழ் வாசிக்கத் தெரியாதவராகவும் இருக்கக்கூடும். அறியாத ஒருவர் தொலைபேசி எடுத்துக் கேட்காமலே சரியாக வாசிக்கும்படி தாள் அமைய வேண்டும் என்பதே கீழே வரும் ஒவ்வோர் அளவுக்கும் காரணம்.

தாளின் அளவை முடிவுசெய்தல்

ஏ5 தாள் 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமும் கொண்டது, ஒரு ஏ4 தாளைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு ஏ5 கிடைக்கும். செலவைக் குறைப்பதற்காகப் பலர் அதிலும் பாதியான ஏ6 அளவைக் கேட்பதுண்டு. அது ஏன் பொருந்தாது என்பதைக் கணக்கே காட்டிவிடும்.

ஏ5 தாளில் மேலே 10, கீழே 8, இடப்புறம் 12, வலப்புறம் 8 மி.மீ. ஓரமாக விடுங்கள். இடப்புறம் கூடுதலாக விடுவது நோயாளர் தாளைக் கோப்பில் குத்தி வைப்பதற்காக. மேலே விடுவது புத்தகத்தின் பசை பூசிய விளிம்புக்காக. பயன்படுத்தக்கூடிய பரப்பு இப்போது 128 மி.மீ. அகலமும் 192 மி.மீ. உயரமுமாகும். அந்த உயரத்தில் தலைப்புக்கு 32, நோயாளர் விபரத்துக்கு 27, அடிக்குறிப்புக்கு 21, பகுதிகளுக்கு இடையிலான வெற்றிடங்களுக்கு எல்லாமாக 8 என்று கொடுத்தால், எழுதுவதற்கு 104 மி.மீ. மிஞ்சும்.

104 மி.மீ. என்பது போதுமானதா? அவசரமாக எழுதும் கையெழுத்துக்கு வரிக்கு ஏறத்தாழ 8 மி.மீ. உயரம் வேண்டும். ஒரு மருந்துக்கு இரண்டு வரிகள் தேவை: மேல் வரியில் மருந்தின் பொதுப் பெயர், வடிவம், வீரியம், கீழ் வரியில் ஒருவேளை அளவு, நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நாட்கள். இரண்டு மருந்துகளின் எழுத்து ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க 4 மி.மீ. இடைவெளியையும் சேர்த்தால் மருந்து ஒன்றுக்கு 20 மி.மீ. ஆகிறது. தொடக்கத்தில் வரும் ℞ குறிக்கு 12 மி.மீ. கழித்தால் மீதி 92. நான்கு மருந்துகளுக்கு 80 போக, மீண்டும் எப்போது வர வேண்டும் என்பது போன்ற ஒரு குறிப்புக்கு 12 மி.மீ. இருக்கும். ஆகவே இந்தத் தாள் நான்கு மருந்துகளைத் தாராளமாகத் தாங்கும்.

அதே தலைப்பையும் அதே அடிக்குறிப்பையும் ஏ6 தாளில் வைத்தால் 148 மி.மீ. உயரத்தில் எழுதுவதற்கு 42 மி.மீ. மட்டுமே மிஞ்சும். ℞ குறியைக் கழித்தால் 30. அதாவது ஒன்றரை மருந்து. மூன்றாவது மருந்தை வைத்தியர் ஓரத்தில் சாய்த்து எழுதுவார், அல்லது கையொப்பத்துக்குக் கீழே எழுதுவார். பாமசியில் தவறாக வாசிக்கப்படுவது பெரும்பாலும் இப்படி நெருக்கி எழுதிய கடைசி மருந்துதான்.

எழுதும் இடம்

இந்தப் பகுதியில் என்ன அச்சிட வேண்டும் என்பதைவிட, என்ன அச்சிடக் கூடாது என்பதே முக்கியம்.

முதலாவதாக, புள்ளிக்கோடுகள் வேண்டாம். கையெழுத்து நேராக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் அச்சகத்தார் புள்ளிக்கோடு போட்டுத் தருவதுண்டு. ஆனால் எழுதுபவர் வைக்கும் தசமப்புள்ளி அந்தப் புள்ளிகளுக்குள் மறைந்துபோகும். பிரெட்னிசலோன் 2.5 மி.கி. என்று வைத்தியர் எழுதுகிறார் என்று கொள்வோம். அடிக்கோட்டின் புள்ளிகளுக்கிடையே தசமப்புள்ளி கலந்துவிட்டால் அது 25 மி.கி. என்று வாசிக்கப்படும். 5 மி.கி. மாத்திரையில் பாதி கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து மாத்திரைகள் போய்விடும். 25 மி.கி. என்பதும் அந்த மருந்துக்கு நடைமுறையில் உள்ள அளவுகளில் ஒன்றேயாகையால், பாமசியில் இருப்பவருக்குச் சந்தேகம் எழாமலே போகலாம். பக்கத்தை வெறுமையாக விட்டால் வரிகள் சற்றுச் சாய்ந்தாலும் புள்ளி புள்ளியாகவே தெரியும். கோடு இல்லாமல் எழுத முடியாது என்று வைத்தியர் வற்புறுத்தினால், மிக மெல்லிய தொடர்கோட்டை வெளிர்நிறத்தில் 10 மி.மீ. இடைவெளியில் போடலாம், எழுத்து கோட்டின்மேல் உட்காராமல் இரண்டு கோடுகளுக்கு நடுவே அமையுமாறு அவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

இரண்டாவதாக, நடுவில் மங்கலாகத் தெரியும் பின்னணிச் சின்னம் வேண்டாம். பாம்பு சுற்றிய தடியையோ நிலையத்தின் இலச்சினையையோ சாம்பல் நிறத்தில் பெரிதாகப் போடுவது அழகாகத் தெரியலாம். ஒரே நிற அச்சில் சாம்பல் என்று தனியாக ஒரு நிறம் இல்லை. கறுப்பு மையின் நுண்ணிய புள்ளிகளே கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. மேலே சொன்ன தசமப்புள்ளிச் சிக்கல் இங்கேயும் வந்துவிடுகிறது. மேலும், தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வரமுடியாதவர்கள் சிட்டையைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வட்ஸ்அப் வழியாகப் பாமசிக்கு அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பின்னணிச் சின்னம் கறுத்து, அதன்மேல் எழுதியதை விழுங்கிவிடும்.

மூன்றாவதாக, 'காலை, பகல், இரவு' என்று நிரல்கள் பிரித்த அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளருக்கு இது புரியும் என்பது உண்மை. ஆயினும் வாரம் ஒருமுறை எடுக்கும் மாத்திரை, வலி வந்தால் மட்டும் எடுக்கும் மாத்திரை, காதுக்கு விடும் சொட்டு, பூசும் களிம்பு ஆகியவை அந்தக் கட்டங்களுக்குள் வராது. வைத்தியர் சில மருந்துகளைக் கட்டத்துக்குள்ளும் சிலவற்றைக் கட்டத்துக்குக் குறுக்கேயும் எழுதத் தொடங்கிவிடுவார். வெறுமையாக விடப்பட்ட ஒரு கட்டம் 'வேண்டாம்' என்று பொருள்படுகிறதா, 'எழுத மறந்துவிட்டார்' என்று பொருள்படுகிறதா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. வேளைக் கணக்கை நோயாளருக்குத் தமிழில் சொல்ல வேண்டிய இடம் பாமசியில் மருந்து போட்டுத் தரும் உறை. சிட்டை அதற்கான இடம் அல்ல என்பது என் கருத்து.

அச்சிட வேண்டியவை இரண்டே இரண்டு. இடப்புற மேல்மூலையில் ℞ குறி. இதற்கு யுனிகோடில் U+211E என்ற தனி எண் உண்டு. நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருவில் அது இல்லையென்றால் வெற்றுக் கட்டமாகத் தெரியும், அப்போது அந்த ஒரு குறிக்கு மட்டும் வேறு எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். மற்றது, எழுதும் இடத்தின் வலப்புறக் கீழ்மூலையில் 'மொத்த மருந்துகள்' என்ற சிறு கட்டமும், அதன் பக்கத்தில் 'பக்கம் … இல் …' என்ற இடமும். நான்கு மருந்துகளுக்குமேல் எழுத வேண்டியிருந்தால் வைத்தியர் இரண்டாவது தாளை எடுப்பார். பக்க எண் இல்லாவிட்டால் ஒரு தாள் வீட்டிலேயே தங்கிவிட்டது என்பது பாமசியில் தெரியவராது. மருந்துகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தால், கையொப்பத்துக்குப் பிறகு வேறொருவர் இன்னொரு மருந்தைச் சேர்த்து எழுதியிருப்பதும் உடனே பிடிபடும். இந்தக் கட்டத்தைப் பெரும்பாலான சிட்டைகளில் காண முடிவதில்லை, 20 மி.மீ. அகலத்துக்கு மேல் இதற்குத் தேவையுமில்லை.

நோயாளர் விபரம்

27 மி.மீ. உயரத்தை 9 மி.மீ. வீதம் மூன்று வரிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வரியிலும் மேல் 3 மி.மீ. அச்சிட்ட தலைப்புச் சொல்லுக்கும், கீழ் 6 மி.மீ. கையெழுத்துக்கும் உரியவை. 'பெயர்:' என்று அச்சிட்டு அதே வரியில் எழுதச் சொல்வதைவிட இது மேலானது. ஏனெனில் மும்மொழியிலும் தலைப்புச் சொல் வந்தால் அதுவே வரியில் பாதியைத் தின்றுவிடும். சொல் மேலே சிறிதாக இருக்கும்போது முழு அகலமும் எழுதுவதற்குக் கிடைக்கிறது. இந்தச் சொற்களை நாள்தோறும் வைத்தியரும் உதவியாளரும்தான் பார்ப்பார்கள் என்பதால் 7 புள்ளி எழுத்து போதும். தாளில் வேறெங்கும் தமிழை 9 புள்ளிக்குக் கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் 'ண', 'ன', 'ணை' முதலிய எழுத்துகளின் சுழிகள் மை நிரம்பி அடைபட்டுவிடும்.

முதல் வரியில் பெயருக்கு 88 மி.மீ., திகதிக்கு 40 மி.மீ. இரண்டாம் வரியில் வயதுக்கு 30, பால் 28, நிறைக்கு 30, நிலையத்தின் பதிவேட்டு இலக்கத்துக்கு 40. மூன்றாம் வரியில் முகவரிக்கு 78, ஒவ்வாமைக்கு 50. ஒவ்வொரு வரியும் 128 மி.மீ. ஆகிறதா என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் விளக்க வேண்டியிருக்கிறது. முகவரிக் கட்டத்தின் தலைப்பை 'தோட்டம், பிரிவு' என்று அச்சிடுவது மலையகத்துக்கு ஏற்றது. ஒரு தோட்டத்தில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் இருப்பது அரிதன்று. மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பது எழுதப்பட்டிருந்தால், மருந்து மாறிப்போய்விட்டது என்று பாமசியிலிருந்து அழைப்பு வரும்போது ஆளைத் தேடிப் பிடிக்க முடியும். வெறுமனே 'முகவரி' என்றிருந்தால் உதவியாளர் 'ஹட்டன்' என்று எழுதிவிட்டு அடுத்தவரை அழைப்பார்.

நிறைக்கான கட்டம் குழந்தைகளுக்காகவே. பரசிற்றமோல் போன்ற பாணிகளின் அளவு குழந்தையின் நிறையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 8 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 120 மி.கி. வரும், 5 மி.லீ. பாணியில் 120 மி.கி. இருந்தால் அது சரியாக 5 மி.லீ. நிறை தாளில் இருந்தால் பாமசியில் இருப்பவரும் இதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கலாம். 'கி.கி.' என்ற அலகைக் கட்டத்துக்குள்ளேயே அச்சிட்டுவிடுங்கள். வயதுக் கட்டத்திலும் அதுபோல 'வருடம்', 'மாதம்' என்ற இரண்டையும் அச்சிட வேண்டும். வெறும் 8 என்று எழுதியிருந்தால் அது எட்டு மாதமா எட்டு வயதா என்ற கேள்வி எழும்.

ஒவ்வாமைக் கட்டத்தில் 'இல்லை' என்று ஒரு சிறு சதுரத்தை அச்சிட்டு, மீதி இடத்தை எழுதுவதற்கு விடுங்கள். வெறுமையாக விடப்பட்ட கட்டம் கேட்கவில்லை என்பதையும், சரியிட்ட சதுரம் கேட்டு அறிந்ததையும் காட்டும்.

தலைப்பு

தலைப்பின் 32 மி.மீ. உயரத்தை இவ்வாறு பங்கிடலாம்: வைத்தியரின் பெயருக்கு 8, தகைமைகளும் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் வரும் வரிக்கு 5, நிலையத்தின் பெயருக்கு 7, முகவரிக்கு 5, தொலைபேசிக்கு 5, பிரிக்கும் கோட்டுக்கு 2. வைத்தியரின் பெயரை ஆங்கிலத்தில் 14 புள்ளியில் நடுவிலும், நிலையத்தின் பெயரை இடப்பாதியில் தமிழிலும் வலப்பாதியில் சிங்களத்திலும் தலா 64 மி.மீ. அகலத்தில் வைத்தால் மூன்று மொழிகளும் நெரிசலின்றி அமையும். தமிழ் எழுத்து சற்றே அகலமானது. நிலையத்தின் பெயர் நீண்டிருந்தால் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காமல் அளவை 1 புள்ளி குறைப்பதே சரி.

தொலைபேசி இலக்கம் தலைப்பில் தெளிவாக இருக்க வேண்டும். ஹட்டன் பகுதியின் 051 உடன் தொடங்கும் நிலையான இலக்கத்தோடு, மருந்து பற்றிய சந்தேகத்துக்குப் பாமசி அழைக்கக்கூடிய கைத்தொலைபேசி இலக்கத்தையும் தருவது நல்லது. பதிவுசெய்யப்பட்ட தகைமைகளை மட்டும் போடுங்கள்; பயிற்சிப் பட்டறைகளையும் சங்க அங்கத்துவங்களையும் அடுக்கினால் அந்த 5 மி.மீ. வரி இரண்டாகி, எழுதும் இடத்திலிருந்து ஒரு வரி குறையும். மருந்துக் கம்பனி இலவசமாக அச்சிட்டுத் தருகிறது என்பதற்காக அதன் மருந்துப் பெயரைத் தலைப்பில் ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

ஒரே நிலையத்தில் இரு வைத்தியர்கள் மாறிமாறி இருப்பார்களாயின், இருவர் பெயரையும் ஒரே தாளில் அச்சிடாமல் ஆளுக்கொரு புத்தகமாகப் பிரித்து விடுங்கள்.

அடிக்குறிப்பு

21 மி.மீ. உயரத்தில் வலப்புறம் 56 மி.மீ. அகலம் கையொப்பத்துக்கும் இறப்பர் முத்திரைக்கும் உரியது. அதற்குள் மேலோரத்தில் 'கையொப்பம்' என்ற சொல்லைத் தவிர எதையும் அச்சிடக் கூடாது. வைத்தியரின் முத்திரையை ஒரு தாளில் குத்தி அளந்து பார்த்துவிட்டே இந்த அகலத்தை உறுதிசெய்யுங்கள். முத்திரை நேரவிபரத்தின்மேல் விழுந்தால் பதிவு இலக்கமும் வாசிக்க முடியாது, நேரமும் வாசிக்க முடியாது.

இடப்புறம் உள்ள 72 மி.மீ. இடத்தில் நோயாளர் பார்க்கும் நேரம், மூடியிருக்கும் நாட்கள், 'மறுமுறை வரும்போது இத்தாளையும் எஞ்சிய மருந்தையும் கொண்டுவரவும்' என்ற ஒரு வாசகம், அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கம் ஆகியவை போதும். நோயாளருக்கான வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். அறிவுரைகளை நீட்டிக்கொண்டே போனால் எவரும் வாசிக்க மாட்டார்கள்.

தாள், மை, மழை

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய மேற்குச் சரிவுப் பகுதிகள் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகின்றன. சிட்டை சட்டைப்பையில் நனைந்தபடியே பாமசியை அடையும் என்பதை எண்ணியே தாளையும் பேனாவையும் தெரிவுசெய்ய வேண்டும். குமிழ்முனைப் பேனாவின் மை எண்ணெய்த் தன்மையுள்ளது. நனைந்தாலும் பெரும்பாலும் கரையாது. ஜெல் பேனாக்களில் பலவும் ஊற்றுப்பேனாவும் நீரில் கரையும் மையைக் கொண்டவை. இறப்பர் முத்திரைப் பெட்டியின் மையும் அப்படியே. ஆகவே மருந்தைக் குமிழ்முனைப் பேனாவால் எழுத வேண்டுமென்பதும், பதிவு இலக்கம் முத்திரையில் மட்டுமன்றித் தலைப்பில் அச்சிலும் இருக்க வேண்டுமென்பதும் ஒரே காரணத்திலிருந்து வருபவை.

தாள் 70 அல்லது 80 கிராம் நிறையுள்ள, பளபளப்பற்றதாக இருக்கட்டும். அதைவிட மெல்லியது ஈரக்காற்றில் விரைவில் சுருளும். நூறு தாள்களுக்கு ஒரு புத்தகம், அடியில் தடித்த அட்டை, மேல் விளிம்பில் பசை என்பதே வழக்கமான கட்டு. பசை நன்றாகக் காயாத மழைநாட்களில் தாள்கள் தாமாகவே கழன்று வரும்; புத்தகங்களைப் பெற்றுக்கொள்ளும்போது நடுத்தாள் ஒன்றைப் பிடித்துப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நிலையத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ள விரும்பினால், கார்பன் இன்றிப் படியும் தாளில் இரட்டைப் பிரதியாக அச்சிடலாம். அப்போது புத்தகம் ஐம்பது சோடிகளுக்கு மேற்படக் கூடாது, எழுதும்போது ஒவ்வொரு சோடிக்குக் கீழும் அட்டை ஒன்றைச் செருகவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் மருந்து அடுத்தவரின் தாளிலும் படிந்துவிடும்.

அச்சு நிறம் கடும்பச்சையாகவோ கடும்நீலமாகவோ இருக்கலாம். வெளிர்நீலம் மட்டும் வேண்டாம். நிழற்பிரதியில் அது காணாமற்போகும்.

அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

நம் அச்சகங்களில் இன்னமும் பாமினி எழுத்துரு பரவலாகப் புழங்குகிறது. அதில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறித் தெரியும். யுனிகோடில் செய்த கோப்புக்கு வேறு ஆபத்து உண்டு. பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் 'கொ', 'கே' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம்மாறி நிற்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று இடையில் தோன்றும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது. மாற்றுவதற்கு முந்திய கோப்பைத் தனியே சேமித்து வையுங்கள். தொலைபேசி இலக்கம் மாறும்போது அதுதான் தேவைப்படும்.

அச்சேற்றுவதற்கு முன் சாதாரண ஏ4 தாளில் இரண்டு பிரதிகளாக எடுத்து வெட்டி, வைத்தியரின் கையில் கொடுத்து அவர் வழமையாக எழுதும் வேகத்திலேயே நான்கு மருந்துகளை எழுதச் சொல்லுங்கள். தசமம் வரும் அளவு ஒன்று அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதைக் கைத்தொலைபேசியில் மாலை வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த வைத்தியரின் எழுத்தை அறியாத பாமசிக்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த இடத்தின் அளவைத்தான் திருத்த வேண்டும். பிறகு அதே தாளில் சிறிது தண்ணீர் தெளித்து, காய்ந்தபின் மீண்டும் பாருங்கள்.

அச்சான புத்தகங்களுக்குத் தொடர் இலக்கம் இடச் சொல்வதும் பயனுள்ளது. புத்தகமொன்று காணாமற்போனால் எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரையிலான தாள்களை ஏற்க வேண்டாம் என்று நகரத்துப் பாமசிகளுக்கு அறிவிக்கலாம். கடைசியாக, வெட்டிய முதல் புத்தகத்தில் எழுதும் இடத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். வெட்டு இயந்திரத்தில் இரண்டு மி.மீ. வரை விலகியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் கீழ்ப்பக்கம் குறைந்திருந்தால் கையொப்ப இடமே வெட்டுப்பட்டிருக்கும் என்பதால், மீதியை வெட்டுவதற்கு முன்பே அங்கேயே சொல்லி நிறுத்திவிடுங்கள்.